0.34 என்றால் எந்த 0.34?

1988-ல் தாய்லாந்தில் தொடக்கக் கல்வி குறித்து நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித் திரட்டிய விவரங்களில் எளிமையான கேள்வி ஒன்று இருந்தது: இந்தப் பிள்ளை தொடக்கப் பள்ளியில் எப்போதாவது ஒரு வகுப்பில் தேங்கி, மறுபடி அதே வகுப்பைப் படித்ததுண்டா? உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. தாய்லாந்துப் பள்ளிகளின் வளப் பகிர்வை ஆராய்ந்த ராடன்புஷும் பூமிரத்தும் 1992-ல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கணக்கெடுப்பின் தரவில் எழுந்தது. அதன்பின் அந்தத் தரவு பாடப்புத்தகத்துக்குள் நுழைந்துவிட்டது. பள்ளிக்குள் மாணவர், ஆம்-இல்லை என்ற விளைவு என்று பாடம் நடத்துபவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது 356 பள்ளிகளில் படித்த இந்த 7516 பிள்ளைகளைத்தான்.

இந்தத் தரவுக்குச் சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போதாது. ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒரே தலைமை ஆசிரியரின் கீழ், ஒரே தேர்ச்சி விதியின் கீழ் இருப்பவர்கள். ஒருவர் தேங்கினார் என்று தெரிந்தால் பக்கத்து பெஞ்சுக்காரரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது. 7516 பேரையும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களாக எண்ணினால், இருப்பதைவிட அதிகத் தகவல் கையில் இருப்பதாக மென்பொருள் நம்பும். திட்டப் பிழைகள் சுருங்கும், நட்சத்திரக் குறிகள் பெருகும். அதனால்தான் பள்ளிக்கென்று ஒரு தற்செயல் விளைவைச் சேர்க்கும் பல அடுக்கு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் வந்தது. அந்த முறை இன்று நன்றாகப் பரவிவிட்டது. அதன் முடிவுகளை எழுதும் பழக்கத்துக்கு அதே பக்குவம் வரவில்லை. "ஐ.சி.சி. 0.34" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நகரும் கட்டுரைகளில், அந்த எண் எதைச் சொல்கிறது என்பதை வாசகரால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஐ.சி.சி. என்பது குழுவக ஒட்டுறவுக் கெழு. மொத்த வேறுபாட்டில் பள்ளிகளுக்கு இடையே உள்ள பங்கு எவ்வளவு என்பதை அது சொல்கிறது. அதைக் கணக்கிட வெற்று மாடல் வேண்டும். மாணவரின் பாலினமோ குடும்ப வசதியோ எதுவும் இல்லாமல், ஒரு வெட்டுமதிப்பும் பள்ளியின் தற்செயல் விளைவும் மட்டுமே உள்ள மாடல் அது. ஆர் மென்பொருளில் lme4 தொகுப்பை ஏற்றிய பிறகு வேலை மூன்று வரிதான்:

```r
m0 <- glmer(REP1 ~ 1 + (1 | SCHOOLID), data = thai, family = binomial)
v  <- VarCorr(m0)$SCHOOLID[1]
v / (v + pi^2/3)
```

ராடன்புஷும் பிரைக்கும் 2002-ல் வெளியிட்ட நூலின் இரண்டாம் பதிப்பில் இந்த வெற்று மாடலின் முடிவு இரண்டே எண்களில் இருக்கிறது. வெட்டுமதிப்பு -2.22; பள்ளிகளுக்கு இடையிலான பரவற்படி 1.70. இரண்டும் லாக்-ஆட்ஸ் அளவுகோலில் உள்ளவை. சொல்ல வேண்டியது அத்தனையும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கிறது.

முதலில் வெட்டுமதிப்பு. -2.22-ஐ நிகழ்தகவாக மாற்றினால் 0.098 கிடைக்கும். பலர் இதைப் பார்த்ததும் "மாணவர்களில் 9.8 சதவீதத்தினர் தேங்கினர்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 9.8 சதவீதம் என்பது தற்செயல் விளைவு சரியாகப் பூஜ்யமாக இருக்கும் நடுத்தரப் பள்ளி ஒன்றின் நிகழ்தகவு. எல்லாப் பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், மாடலின்படியே சராசரி சுமார் 15 சதவீதம். நடுத்தரத்துக்கு மேலே உள்ள பள்ளிகள் 30, 40, 60 சதவீதம் என்று ஏறும். கீழே உள்ள பள்ளிகள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க முடியாது. அந்தச் சமமின்மைதான் சராசரியை மேலே இழுக்கிறது. வெட்டுமதிப்பை நிகழ்தகவாக மாற்றிப் பார்த்து, தரவின் நேரடிச் சதவீதத்தோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி உடனே தெரியும். இரண்டும் ஒன்றாக இல்லையே என்று பதற வேண்டியதில்லை. ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: பள்ளி விளைவு பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

அடுத்தது பரவற்படி. 1.70-இன் வர்க்கமூலம் 1.30. இதை 1.96-ஆல் பெருக்கி வெட்டுமதிப்போடு கூட்டியும் கழித்தும் பார்த்தால் -4.78 முதல் 0.34 வரை கிடைக்கும். நிகழ்தகவில் சொன்னால், நூற்றில் 95 பள்ளிகள் 1 சதவீதத்துக்கும் 58 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கின்றன. ஒரு பள்ளியில் நூற்றில் ஒரு பிள்ளை தேங்குகிறது. இன்னொன்றில் பாதிக்கு மேல். இந்த வாக்கியம் எந்த ஐ.சி.சி.யையும்விடக் கல்வி அதிகாரிக்கு நன்றாகப் புரியும். ஆனால் கட்டுரைகளில் இது மிக அரிதாகவே வருகிறது. வரும்போதும் நம்பக இடைவெளி என்று பெயர் மாறிவிடுகிறது. இது மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் இடைவெளி அல்ல, பள்ளிகள் உண்மையில் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் வீச்சு. இன்னும் பத்தாயிரம் பிள்ளைகளைச் சேர்த்தாலும் நம்பக இடைவெளிதான் குறுகும், இந்த வீச்சு அப்படியே இருக்கும்.

இனி ஐ.சி.சி. சாதாரண நேர்கோட்டு மாடலில் பள்ளியின் பரவற்படியும் மாணவரின் பரவற்படியும் தனித்தனியே மதிப்பிடப்படும். முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வேலை முடிந்தது. ஆம்-இல்லை விளைவில் மாணவர் மட்டத்துக்குத் தனிப் பரவற்படி கிடையாது. அதனால் ஆய்வாளர்கள் ஒரு கற்பனையைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் தேங்கும் போக்கு என்ற தொடர் அளவு ஒன்று மறைந்திருக்கிறது. அது ஒரு வாசலைத் தாண்டினால் 1, தாண்டாவிட்டால் 0. அந்த மறைந்த அளவின் மாணவர் மட்டப் பிழை லாஜிஸ்டிக் பரவலைப் பின்பற்றுகிறது. அதன் பரவற்படி π²/3, அதாவது 3.29. எந்த நாட்டுத் தரவாக இருந்தாலும், எந்த விளைவாக இருந்தாலும் அதே 3.29தான். தாய்லாந்துக்குக் கணக்குப் போட்டால் 1.70-ஐ 4.99-ஆல் வகுக்க, 0.34 வருகிறது. மறைந்த போக்கின் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பள்ளிகளுக்கு இடையில் இருக்கிறது.

"மறைந்த போக்கின்" என்ற அந்தச் சொல்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. அதை விட்டுவிட்டு, "தேங்குதலின் வேறுபாட்டில் 34 சதவீதம் பள்ளிகளால்" என்று எழுதினால் வாக்கியமே பொய்யாகிறது. நாம் கண்ணால் கண்டது 0-1தான். அந்த அளவுகோலில் பங்கு எவ்வளவு? கோல்ட்ஸ்டீன், பிரவுன், ராஸ்பாஷ் மூவரும் 2002-ல் இதற்குச் சில வழிகளைக் காட்டினார்கள். அவற்றில் தெளிவானது உருவகப்படுத்தல். வெட்டுமதிப்பு -2.22, பரவற்படி 1.70 என்று வைத்து ஆயிரக்கணக்கான பள்ளிகளைக் கணினியில் உருவாக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியின் நிகழ்தகவையும் கணக்கிட்டு, அந்த நிகழ்தகவுகளின் பரவற்படியை எடுக்க வேண்டும். இங்கே அது சுமார் 0.023. மொத்தப் பரவற்படி, சராசரி 0.15-ஐ வைத்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய 0.128. வகுத்தால் 0.18.

ஆக ஒரே தரவு, ஒரே மாடல், ஐ.சி.சி. 0.34-உம் ஆகலாம், 0.18-உம் ஆகலாம். இரண்டும் சரி. விளைவு அரிதாக ஆக, இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. பாதிப் பிள்ளைகள் தேறி பாதிப் பேர் தேங்கும் நாட்டில் தூரம் குறைவாக இருக்கும். பள்ளியைவிட்டு நிற்பது போல நூற்றில் ஒருவருக்கு நேர்வதை ஆராய்ந்தால் மிக அதிகமாக இருக்கும்.

இந்த வேறுபாடு காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த கணக்கெடுப்பைத் திட்டமிடுபவர், தேங்கியவர்களின் சதவீதத்தை மதிப்பிட எத்தனை பள்ளிகள் தேவை என்று கேட்கிறார். அதற்கு வடிவமைப்பு விளைவு வேண்டும்: பள்ளிக்கு எத்தனை பேர் என்பதில் ஒன்றைக் கழித்து, ஐ.சி.சி.யால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். தாய்லாந்துத் தரவில் பள்ளிக்குச் சராசரியாக 21 பேர். 0.18-ஐ வைத்தால் விளைவு சுமார் 4.6, 7516 பிள்ளைகள் ஏறக்குறைய 1600 தனித்தனிப் பிள்ளைகளுக்குச் சமம். 0.34-ஐ வைத்தால் 7.8, சமமான எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய்விடும். கண்ட சதவீதத்துக்கான கணக்கு என்பதால் இங்கே பொருந்துவது 0.18. கட்டுரையில் 0.34 மட்டும் அச்சாகியிருந்தால் திட்டமிடுபவர் அதைத்தான் எடுப்பார். தேவைக்கு மீறிய பள்ளிகளுக்கு ஆள் அனுப்புவார்.

ஒப்பிடும்போதும் இதே வழுக்கல். அமெரிக்கப் பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்த ஹெட்ஜஸ், ஹெட்பர்க் இருவரும் 2007-ல் வெளியிட்ட தொகுப்பில் ஐ.சி.சி. சராசரியாக 0.22. தாய்லாந்தின் 0.34-ஐ அதன் பக்கத்தில் வைத்து, தாய்லாந்தில் பள்ளிகளின் ஏற்றத்தாழ்வு அதிகம் என்று முடிவு கட்ட ஆசை வரும். ஒன்று மதிப்பெண்ணின் சொந்த அளவுகோலில் உள்ளது. மற்றது மறைந்த போக்கின் அளவுகோலில் உள்ளது. தவிர, மதிப்பெண்ணைப் பிள்ளை எடுக்கிறது, தேங்க வைப்பதைப் பள்ளி தீர்மானிக்கிறது. அரைகுறையாகப் படிப்பவரை மேலே அனுப்பும் பள்ளியும் நிறுத்தி வைக்கும் பள்ளியும் கற்பித்தலில் ஒன்றாகவே இருக்கலாம், தேர்ச்சி விதியில் மட்டும் வேறுபடலாம். 0.34-க்குள் அந்த விதிகளின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

மாடலில் மாறிகள் நுழைந்த பிறகு வரும் குழப்பம் இன்னும் நுட்பமானது. பாலினம், முன்பள்ளி அனுபவம், பள்ளியின் சராசரிப் பொருளாதார நிலை ஆகியவற்றைச் சேர்த்த முழு மாடலின் பரவற்படியிலிருந்து சிலர் ஐ.சி.சி.யைக் கணக்கிட்டு, அடைமொழி எதுவும் இல்லாமல் அச்சிடுகிறார்கள். அது நிபந்தனைக்குட்பட்ட ஐ.சி.சி.; மாறிகளைக் கணக்கில் எடுத்த பிறகு எஞ்சியதன் பங்கு. தன்னளவில் பயனுள்ள எண்தான். ஆனால் இரண்டு கட்டுரைகள் வெவ்வேறு மாறிகளைச் சேர்த்திருந்தால் இரண்டின் எண்களையும் ஒப்பிட வழியில்லை. வெற்று மாடலின் எண்ணுக்கு மட்டுமே அந்தச் சிக்கல் இல்லை.

அதைவிட வியப்பான ஒன்று உண்டு. மாணவர் மட்ட மாறி ஒன்றைச் சேர்த்ததும் பள்ளியின் பரவற்படி சில சமயம் ஏறும். ஆய்வு மாணவர்கள் நிரலைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது இந்த இடத்தில்தான். நிரலில் பிழை இல்லை. எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரிப் பரவியுள்ள மாறி ஒன்று, மறைந்த போக்கின் மாணவர் மட்டப் பரவற்படியில் 1 அலகை விளக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சியிருப்பது 2.29. நேர்கோட்டு மாடலாக இருந்தால் அது 2.29 என்றே அச்சாகும். லாஜிஸ்டிக் மாடலுக்கு மாணவர் மட்டப் பிழை எப்போதும் 3.29 ஆக இருந்தாக வேண்டும். எனவே 2.29-ஐ 3.29 ஆக்க அளவுகோல் முழுவதும் விரிகிறது. அந்த விரிவில் பள்ளியின் 1.70-உம் ஏறக்குறைய 2.44 ஆகிவிடும், ஐ.சி.சி. 0.43 ஆகிவிடும். பள்ளிகளில் எதுவும் மாறவில்லை, அளக்கும் கோல்தான் மாறியது. இதே காரணத்தால் மாடலுக்கு மாடல் ஆட்ஸ் விகிதங்களை ஒப்பிடுவதும் ஆபத்தானது என்று சமூகவியலாளர் கரீனா மூட் 2010-ல் விரிவாக எழுதினார். "முன்பள்ளியைச் சேர்த்ததும் பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு இத்தனை சதவீதம் குறைந்தது" என்ற வாக்கியத்தை எந்தக் கட்டுரையில் கண்டாலும், அளவுகோல் சரிசெய்யப்பட்டதா என்று கேட்பது நல்லது.

தாய்லாந்தின் முழு மாடலில் பையன்களுக்கான ஆட்ஸ் விகிதம் சுமார் 1.7, முன்பள்ளி சென்ற பிள்ளைகளின் ஆட்ஸ், செல்லாதவர்களுடையதில் ஏறக்குறைய பாதி. இந்த எண்கள் ஒரே பள்ளிக்குள் ஒப்பிடும் எண்கள். ஒரே பள்ளியில் படிக்கும், மற்ற மாறிகளில் ஒத்திருக்கும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் நிறுத்திப் பார்த்தால் 1.7. நாட்டில் உள்ள எல்லாப் பையன்களையும் எல்லாப் பெண்களையும் நிறுத்திப் பார்த்தால் அது சுமார் 1.5 ஆகத் தணியும். பள்ளி விளைவு வலுவாக உள்ள இடங்களில் இந்த இறக்கம் தவிர்க்க முடியாதது. கொள்கை வகுப்பவர் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது எண்ணை. கட்டுரை தருவது முதலாவதை. எது எது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பள்ளியின் எடையை இந்த ஆட்ஸ் விகிதங்களோடு நேருக்கு நேர் வைக்கவும் வழி இருக்கிறது. லார்சனும் மெர்லோவும் 2005-ல் மருத்துவ ஆய்வுகளுக்காகப் பரிந்துரைத்த இடைநிலை ஆட்ஸ் விகிதம் அது. ஏதோ இரண்டு பள்ளிகளை எடுத்து, ஒரே மாதிரியான பிள்ளையை இரண்டிலும் சேர்த்து, அதிகம் தேங்கவைக்கும் பள்ளியின் ஆட்ஸை மற்றதன் ஆட்ஸால் வகுக்க வேண்டும். எல்லாப் பள்ளி இணைகளுக்கும் இப்படிச் செய்தால் கிடைக்கும் விகிதங்களின் இடைநிலை மதிப்பே அந்த எண். வெற்று மாடலின் 1.70-க்கு அது சுமார் 3.5. பாலினத்தின் 1.7-க்குப் பக்கத்தில் இந்த 3.5-ஐ வைத்தால், பையனா பெண்ணா என்பதைவிட எந்தப் பள்ளி என்பதே கனமானது என்று விளக்கமே இல்லாமல் விளங்கும். கல்வி ஆய்வுகள் இதை இன்னும் போதுமான அளவு எடுத்துக்கொள்ளவில்லை.

எந்த முறையில் மதிப்பிட்டார்கள் என்பதையும் எழுதாமல் விட முடியாது. பழைய தோராய முறைகள், குறிப்பாக எம்.க்யூ.எல்., பள்ளியின் பரவற்படியைக் குறைத்துக் காட்டும் என்பதை ரோட்ரிகஸும் கோல்ட்மேனும் 1995-லேயே நிரூபித்துவிட்டார்கள். பி.க்யூ.எல். அதைவிட மேல், ஆனாலும் குழுக்கள் சிறியதாகவும் பரவற்படி பெரியதாகவும் இருக்கும்போது அதுவும் கீழே சாயும். இன்று lme4 இயல்பாகப் பயன்படுத்துவது லாப்லாஸ் தோராயம். nAGQ மதிப்பைக் கூட்டி மறுபடி ஓட்டிப் பார்த்து, பரவற்படி அசையாமல் இருந்தால் நிம்மதியாக எழுதலாம். ஸ்டேட்டாவில் melogit ஏழு புள்ளிகளோடு தொடங்குகிறது. estat icc என்று தட்டினால் நம்பக இடைவெளியோடு ஐ.சி.சி. வந்துவிடும்.

சில பிழைகளைக் கண்டுபிடிக்கக் கணக்குப் பொறியே போதும். lme4 பரவற்படியையும் திட்ட விலக்கத்தையும் அருகருகே அச்சிடுகிறது. brms திட்ட விலக்கத்தை மட்டும் காட்டுகிறது. அவசரத்தில் 1.30-ஐப் பரவற்படி என்று எடுத்துக்கொண்டால் ஐ.சி.சி. 0.34-க்குப் பதில் 0.28 ஆகிவிடும். 0.28 நம்பத்தக்க எண்ணாகத் தோன்றுவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டுரை பரவற்படியையும் ஐ.சி.சி.யையும் சேர்த்து அச்சிட்டிருந்தால், மதிப்பீட்டாளர் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார். பள்ளி விளைவு உண்டா என்று சோதிக்கும்போதும் ஒரு விவரம் இருக்கிறது. பரவற்படி பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாததால், லைக்லிஹுட் விகிதச் சோதனையின் பி மதிப்பைப் பாதியாக்க வேண்டும். ஸ்டேட்டா அதைத் தானே செய்து chibar2 என்று அச்சிடுகிறது. ஆரில் நாமே செய்ய வேண்டும்.

விடுபட்ட தரவின் கதை தனி. பரவலாகப் புழங்கும் தாய்லாந்துக் கோப்பில் 8582 பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியின் சராசரிப் பொருளாதார நிலை பதிவாகாத 1066 பேரை நீக்கிய பிறகே 7516 வருகிறது. பள்ளி மட்ட மாறி ஒன்று இல்லையென்றால் தனிப் பிள்ளை விடுபடுவதில்லை, முழுப் பள்ளியே வெளியேறுகிறது. வெற்று மாடலை 8582 பேரிலும் முழு மாடலை 7516 பேரிலும் ஓட்டிவிட்டு இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால், தெரியும் மாற்றம் மாறிகளால் வந்ததா, வெளியேறிய பள்ளிகளால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மாடல்களும் அதே வரிசைகளில் ஓட வேண்டும். தவிர, இவர்கள் ஆறாம் வகுப்பை எட்டியவர்கள். தேங்கித் தேங்கிச் சலித்துப் பாதியில் நின்ற பிள்ளைகள் இந்தக் கோப்பிலேயே இல்லை.

இத்தனையையும் முடிவுகள் பகுதியில் எழுத எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு பத்தி போதும். தாய்லாந்துக்கு அது இப்படி இருக்கலாம்: "356 பள்ளிகளைச் சேர்ந்த 7516 மாணவர்களின் தரவில் வெற்று மாடல் பொருத்தப்பட்டது. வெட்டுமதிப்பு -2.22, பள்ளிகளுக்கு இடையிலான பரவற்படி 1.70. நடுத்தரப் பள்ளியில் தேங்கும் நிகழ்தகவு 0.10, 95 சதவீதப் பள்ளிகள் 0.01-க்கும் 0.58-க்கும் இடையில் உள்ளன. மறைந்த மாறி அளவுகோலில் ஐ.சி.சி. 0.34, நிகழ்தகவு அளவுகோலில் 0.18. இடைநிலை ஆட்ஸ் விகிதம் 3.5." இதோடு மதிப்பீட்டு முறை, மென்பொருள், பரவற்படியின் நம்பக இடைவெளி, நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்தால் பத்தி நிறைந்துவிடும்.

இடம் போதவில்லை என்று ஆசிரியர் குழு கத்தரிக்கோல் எடுத்தால், ஐ.சி.சி.யைக்கூட விட்டுக்கொடுக்கலாம். வெட்டுமதிப்பையும் பரவற்படியையும் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்த இரண்டும் அச்சில் இருந்தால் இரண்டு ஐ.சி.சி.களையும், பள்ளிகளின் வீச்சையும், இடைநிலை ஆட்ஸ் விகிதத்தையும் வாசகரே கணக்கிட்டுக்கொள்வார். ஐ.சி.சி. மட்டும் இருந்தால் பரவற்படியை ஊகித்தாலும் வெட்டுமதிப்பு கிடைக்காது. அதுவும் எந்த அளவுகோல் என்று எழுதாத ஐ.சி.சி.யாக இருந்தால் எதுவுமே கிடைக்காது. ஆய்விதழ்கள் இந்த இரண்டு எண்களையும் கட்டாயமாகக் கேட்டு வாங்க வேண்டும்.